வழியில் இருக்கும் தொகை

எழிலரசியின் வேலை காலை ஒன்பதரைக்குத் தொடங்கும். கணினியைத் திறந்ததும் நான்கு இருப்புகளைப் பார்ப்பாள். இரண்டு, டிஜிட்டல் நாணயம் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச்களில் உள்ள கணக்குகள். மற்ற இரண்டு, நிறுவனத்தின் சொந்த வாலட்டுகள், அதாவது டிஜிட்டல் பணப்பைகள். தினசரிப் புழக்கத்துக்கு ஒன்று, பெரிய தொகைக்கு ஒன்று. நேற்றைய இருப்போடு வந்ததைக் கூட்டி, போனதையும் கட்டணத்தையும் கழித்தால் இன்று எவ்வளவு இருக்க வேண்டுமோ அதை ஒரு கட்டத்தில் போடுவாள். உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பது அடுத்த கட்டம். இரண்டும் ஒத்துப்போனால் வரி பச்சையாகும். ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு. வாலட்டிலிருந்து கிளம்பி எக்ஸ்சேஞ்சில் இன்னும் வரவு வைக்கப்படாத தொகை இருந்தால் 'வழியில்' என்று ஒரு பத்தி உண்டு. அதில் எழுதினால் வரி மஞ்சளாகும்.

எந்தத் திருட்டும் பெரிதாவதற்கு முன்னால் ஒரு சின்ன வித்தியாசமாகத்தான் முதலில் தெரியும், அதை அன்றைக்கே பிடிப்பதுதான் இந்த வேலை என்று முருகவேல் சார் சொல்லியிருந்தார்.

முருகவேல் கணக்காளர். செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு விடுதியின் மாடியில் அலுவலகம் வைத்திருந்தார். வெளிநாட்டு மென்பொருள் நிறுவனம் ஒன்று, தன் வாடிக்கையாளர்கள் டாலர் மதிப்புள்ள டிஜிட்டல் நாணயமாக அனுப்பும் பணத்தைக் கவனித்துக்கொள்ளும் வேலையை அவரிடம் கொடுத்திருந்தது. அந்த நிறுவனத்தின் முதலாளி ஒரு டென்மார்க்காரர். தியானத்துக்கென்று வந்து மூன்று மாதம் அந்த விடுதியில் தங்கியிருந்தபோது பழக்கமானவர். அலுவலகத்தில் முருகவேலையும் சேர்த்து மூன்றே பேர். எழிலரசி சரிபார்ப்பாள். காசி பணத்தை நகர்த்துவார். அனுப்புகிறவர் சரிபார்க்கக் கூடாது, சரிபார்க்கிறவர் அனுப்பக் கூடாது. அந்த அலுவலகத்தின் ஒரே சட்டம் அதுதான்.

அந்தச் சட்டத்தை மாதம் ஒருமுறை இருவரும் மீறினார்கள். பௌர்ணமி அன்று.

எழிலரசி கீழ்பென்னாத்தூரிலிருந்து வருகிறவள். பௌர்ணமியன்று பேருந்து ஊருக்குள் வராது. தற்காலிக நிலையத்தில் இறக்கிவிட்டுவிடுவார்கள். அங்கிருந்து கிரிவலக் கூட்டத்துக்குள் நடந்து, நெருக்கி, வழிவிட்டு, செங்கம் சாலைக்கு வந்து சேர மதியம் ஆகிவிடும். முருகவேலும் அன்று வருவதில்லை; ஒன்பதரைச் சரிபார்ப்பு தாளில் இல்லை என்று முதல் பௌர்ணமிக்கு அரைநாள் சம்பளம் பிடித்தார்கள். வீட்டில் கணவன் கோபிக்கு வேன் ஓட்டும் வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. பிடித்தம் போன சம்பளத்தைப் பார்த்து அவள் கண்கலங்கியதைக் காசி பார்த்துவிட்டார்.

"இதுக்குப் போய் அழுவாங்களா? பாஸ்வேர்ட குடும்மா. பௌர்ணமிக்கு மட்டும் நான் பச்ச பண்ணி வெக்கறேன். நீ மெதுவா வா. வரும்போது எனக்கு ஒரு வேண்டுதல் சொல்லிட்டு வா, அது போதும்."

"இன்னா வேண்டுதல்ணா?"

"மூட்டு வலி. வேற இன்னா, லாட்டரியா கேக்கப் போறேன்?"

காசிக்கு நாற்பத்தெட்டு வயது. அடி அண்ணாமலையில் வீடு. முன்பு ஒரு வேர்க்கடலை மண்டியில் கணக்கு எழுதினார். அங்கே பணம் குறைந்தபோது அவர்மேல் பழி விழுந்தது. எடுத்தது வேறு ஆள் என்று பிறகு மண்டிக்காரருக்கே தெரிந்தது. ஆனால் அதை அவர் நாலு பேர் முன்னால் சொல்லவில்லை. அதனால் ஊரில் அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. அதெல்லாம் தெரிந்தேதான் முருகவேல் அவரை வேலைக்கு எடுத்தார். "ஒருத்தர் நம்பினா போதும்மா, மறுபடியும் நிமிந்து நடக்கலாம்" என்று காசி ஒருமுறை சொன்னார். அவருடைய மேசை இழுப்பறையில், பென்டிரைவ் போன்ற ஒரு கருவி இருந்தது. புழக்க வாலட்டிலிருந்து பணம் அனுப்ப அதில்தான் பொத்தானை அழுத்திக் கையொப்பமிட வேண்டும். அதை எடுப்பதற்கு முன்னால் அவர் திருநீற்றுக் கையைத் துண்டில் துடைத்துக்கொள்வார்.

ஐந்து பௌர்ணமிகள் ஒரு குறையும் இல்லாமல் போயின.

ஆறாவது, ஒரு செவ்வாய்க்கிழமை. எழிலரசி ஒரு மணிக்கு வந்து சேர்ந்தாள். கால் இரண்டும் புழுதி. கணினியில் கணக்குத் தாளைத் திறந்து பார்த்தபோது மூன்று வரி பச்சை. ஒரு வரி மஞ்சள். பதினெட்டாயிரத்து நானூறு டாலர், வழியில்.

"காலைல ஒம்பது மணிக்கு முன்னாடியே அனுப்பிட்டேம்மா. எக்ஸ்சேஞ்சுல ஏறல. நெட்டு இன்னிக்கு செத்துப் போய் கெடக்குது. லட்சக்கணக்குல ஜனம், அத்தன கையிலயும் போனு. சாயந்திரம் ஏறிடும்" என்றார் காசி.

அவள் தலையாட்டினாள். மூன்று மணிக்கே கிளம்பினால்தான் பேருந்து கிடைக்கும் என்பதால் கிளம்பிவிட்டாள். மஞ்சள் வரியை மறுபடி பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கும் அந்த வரி மஞ்சளாகவே இருந்தது.

அவள் பரிவர்த்தனை எண்ணை எடுத்துப் பொதுப் பதிவேட்டில் போட்டாள். யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பதிவேடு அது. எந்த வாலட் முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். பணம் செவ்வாய் காலை எட்டு ஐம்பதுக்குக் கிளம்பி, ஒரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. வழியில் எதுவுமே இல்லை.

"ண்ணா, கொஞ்சம் இங்க வாங்க."

காசி அப்போதுதான் வந்து சாப்பாட்டுப் பையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். "இன்னும் ஏறலியா?"

"போய்ச் சேந்துடுச்சுன்னு காட்டுது. ஆனா நம்ம கணக்குல இல்ல."

"அது எப்டி?"

அவள் இரண்டு முகவரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினாள். மேலே, அங்கீகரித்த பட்டியலில் இருக்கும் எக்ஸ்சேஞ்ச் முகவரி. கீழே, பணம் போன முகவரி. முப்பத்து நான்கு எழுத்துகள். முதல் நான்கு ஒன்று. கடைசி நான்கு ஒன்று. நடுவில் இருந்தவை முழுக்க வேறு.

காசி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார். அவருடைய மூச்சுச் சத்தம் அவளுக்குக் கேட்டது.

"இது யாரோடது?"

"தெரியலண்ணா. நீங்க பட்டியல்லேர்ந்துதான காப்பி பண்ணீங்க?"

"பட்டியலு தொறக்கலம்மா. அது நெட்டுல இருக்கற தாளு, சுத்திக்கினே இருந்துது. வாலட்டு தொறந்துது. அதுல பழைய கணக்கு வரிசையா இருக்குமே. போன வாட்டி அனுப்பிச்ச முகவரி மேலயே இருந்துது. முன்னாடி நாலு எழுத்து பாத்தேன், பின்னாடி நாலு எழுத்து பாத்தேன். எப்பவும் அப்டித்தான பாப்போம்." அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "எழிலு, நான் சரியாத்தான பாத்தேன்?"

அவள் முருகவேலுக்குப் போன் செய்தாள்.

முருகவேல் வந்ததும் வேலைகள் வேகமாக நடந்தன. சைபர் குற்றப் புகார் எண்ணுக்கு அழைத்தார். எக்ஸ்சேஞ்சுக்கு எழுதினார். பணம் போன முகவரி காலியாக இருந்தது. செவ்வாய் காலையிலேயே பணம் இரண்டாகப் பிரிந்து போயிருந்தது. பெரும்பகுதி பல கைகள் மாறி மறைந்துவிட்டது. ஆறாயிரம் டாலர் மட்டும் வேறொரு எக்ஸ்சேஞ்சின் கணக்கில் போய் உட்கார்ந்து, செவ்வாய் மாலை ஆறு மணிவரை அங்கேயே இருந்திருக்கிறது. அந்த எக்ஸ்சேஞ்சிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. பணம் இருந்த நேரத்தில் புகார் வந்திருந்தால் நிறுத்தி வைத்திருக்க முடியும். இப்போது முடியாது.

முருகவேல் அதை இரண்டு முறை படித்தார். பிறகு தாளின் பதிவுகளைத் திறந்தார்.

"எழில், நேத்து ஒம்பதரைக்கு உன் பேர்ல செக் முடிஞ்சிருக்குது. வழியில்னு போட்டது நீயா? நேத்து பௌர்ணமியாச்சே, அந்நேரத்துக்கு நீ எப்டிம்மா வந்த?"

அவள் வாயைத் திறப்பதற்குள் காசி எழுந்துவிட்டார்.

"சார், உள்ள போய்ப் பேசலாம். அந்தப் பொண்ண உட்ருங்க."

கதவு சாத்தியே இருந்தது. கால்மணி நேரம் கழித்துக் காசி வெளியே வந்தார். மேசை இழுப்பறையைத் திறந்து, அந்தக் கருவியை எடுத்து முருகவேலின் மேசைமேல் வைத்தார். எழிலரசியைப் பார்க்கவில்லை. படியில் அவருடைய செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. சாப்பாட்டுப் பை ஆணியிலேயே தொங்கியது.

"உன் மேல ஒண்ணுமில்லம்மா, பயப்படாத" என்றார் முருகவேல். அவர் குரல் உடைந்திருந்தது. "அவரே ஒத்துக்கினாரு. நீ டைப் பண்றப்போ பின்னாடி நின்னு பாஸ்வேர்டப் பாத்து வெச்சிருக்காரு. உனக்குத் தெரியாம உன் பேர்ல உள்ள போயிருக்காரு. எவன் சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்."

எழிலரசி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

காசி என்ன பொய்யைச் சொல்லியிருக்கிறார் என்பதும், அது யாருக்காக என்பதும் அவளுக்குப் புரிந்தது. அந்தப் பொய் காசியை என்னவாக்கும் என்பதும் புரிந்தது. அடுத்தவர் பாஸ்வேர்டைத் திருடியவர். தெரியாத முகவரிக்குப் பணம் அனுப்பியவர். யாரும் தேடாமல் இருக்க 'வழியில்' என்று தானே எழுதி ஒருநாள் மறைத்தவர். திருடன் செய்தால் இப்படித்தான் செய்வான். மண்டியில் விழுந்த பழியும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. "நான்தான் சார் குடுத்தேன்." அவ்வளவுதான். ஆனால் பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணம் நினைவுக்கு வந்தது, வீட்டு வாடகை வந்தது, கோபி காலையில் சட்டைப் பையில் தேடிய இருபது ரூபாய் வந்தது. நாளைக்குச் சொல்லலாம், சார் கொஞ்சம் ஆறட்டும் என்று ஒரு காரணமும் வந்தது. நாம் கோழைத்தனமாக நடக்கும்போதெல்லாம் நமக்கு உதவ ஒரு நல்ல காரணம் வந்து நிற்கும். அதை அனுப்பியது கடவுள் இல்லை.

அவள் அன்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை மறுபடியும் நான்கு இருப்புகளைப் பார்த்தாள். போன தொகையை நஷ்டக் கணக்கில் எழுதச் சொல்லியிருந்தார் முருகவேல். எழுதியதும் நான்கு வரியும் பச்சையாயின. ஒரு சதம் வித்தியாசம் இல்லை. அதைப் பார்க்க அவளால் முடியவில்லை. திரையை மேலே தள்ளினாள். செவ்வாய், திங்கள், ஞாயிறு, சனி.

சனிக்கிழமை வரியில் அவள் நின்றாள்.

புழக்க வாலட்டில் வரவு, ஒரு சதம். ஒரு டாலரில் நூற்றில் ஒரு பங்கு. தெரியாத முகவரியா என்ற கட்டத்தில், 'இல்லை' என்று அவளே எழுதியிருந்தாள். குறிப்பில், 'துகள், எக்ஸ்சேஞ்ச் திருப்பியது'. கணக்கில் பொருட்படுத்தத் தேவையில்லாத சில்லறையைத் துகள் என்பார்கள். அவளுக்கு நினைவிருந்தது. அனுப்பியவர் முகவரியில் முதல் நான்கு எழுத்தையும் கடைசி நான்கு எழுத்தையும் பார்த்தாள். எக்ஸ்சேஞ்ச் முகவரி மாதிரியே இருந்தது. ஒரு சதத்துக்காகச் சாரைத் தொந்தரவு செய்வானேன் என்று விட்டாள்.

இப்போது அந்த முகவரியை முழுதாக எடுத்து, செவ்வாய்க்கிழமை பணம் போன முகவரியோடு வைத்துப் பார்த்தாள். முப்பத்து நான்கு எழுத்தும் ஒன்று.

யாரோ எங்கேயோ உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை காசி எக்ஸ்சேஞ்சுக்குப் பணம் அனுப்பியதைப் பொதுப் பதிவேட்டில் பார்த்திருக்கிறார்கள். அந்த எக்ஸ்சேஞ்ச் முகவரியைப் போலவே முனைகள் கொண்ட ஒரு முகவரியைத் தயார் செய்து, அதிலிருந்து ஒரு சதத்தை வாலட்டுக்கு அனுப்பி, கணக்கு வரிசையின் தலையில் உட்கார வைத்திருக்கிறார்கள். என்றாவது ஒருநாள் அவசரத்தில் ஒரு கை அதைக் காப்பி செய்யும் என்று காத்திருந்திருக்கிறார்கள். அவள் இன்னும் பின்னால் போய்த் தேடினாள். அந்த முகவரிக்கு ஒரு சதத்தைக் கொடுத்த இன்னொரு வாலட், அதே சனிக்கிழமை நானூறுக்கும் மேற்பட்ட முகவரிகளுக்கு இப்படியே ஒவ்வொரு சதம் கொடுத்திருந்தது. நானூறு தூண்டில்கள். அதில் ஒன்றில் காசி.

அவர் திருடவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அந்தச் சாட்சியில் அவளுடைய கையெழுத்தும் இருந்தது.

அவள் எழுந்து முருகவேலின் அறைக் கதவைத் தட்டினாள்.

"சார், பாஸ்வேர்ட நான்தான் குடுத்தேன். ஆறு மாசமா. பௌர்ணமிக்கு லேட்டா வர்றதுக்காக. அவரு திருடல. இதையும் பாருங்க. சனிக்கிழமையே வந்துது. நான்தான் பாக்காம உட்டேன்."

முருகவேல் திரையை நெடுநேரம் பார்த்தார். முடிக்கும்போது அவர் முகம் வெளுத்திருந்தது.

"இத ஏம்மா நேத்து சொல்லல?"

"பயம் சார்."

"நேத்து சாயந்திரம் அவரு வீட்டுக்குப் போனேன். என் மச்சானக் கூட்டிக்கினு. போனு, லேப்டாப்பு எல்லாம் குடுன்னு வாசல்லயே நின்னு கேட்டேன். எவன்கிட்ட அனுப்பின, எவ்ளோ பங்குன்னு..." அவர் நிறுத்தினார். "தெருவே நின்னு பாத்துது. அவரு ஒரு வார்த்த திருப்பிச் சொல்லல. நான் அதையும் ஒத்துக்கினதா எடுத்துக்கினேன்."



மதியம் டென்மார்க்காரரிடம் வீடியோவில் பேசினார்கள். எழிலரசி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு சதத்தையும், ஆறு பௌர்ணமிகளையும் விடவில்லை. அவர் குறுக்கிடாமல் கேட்டார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றார். புகாரில் காசியின் பெயர் வேண்டாம், யாரென்று தெரியாத ஆட்கள் ஏமாற்றினார்கள் என்று எழுதுங்கள் என்றார். வேலையை இந்த மாதத்தோடு வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்வதாகவும் அதே மென்மையான குரலில் சொன்னார்.

"உன்னயும் வெச்சுக்க முடியாது எழில். ஆபீசே இருக்குமான்னு தெரில" என்றார் முருகவேல். அவளுக்கு அது தெரிந்தே இருந்தது. அவர் ஒரு வெள்ளைத் தாளில், காசி எந்தக் குற்றமும் செய்யவில்லை, அவர் ஏமாற்றப்பட்டார், நான்தான் அவரைத் தவறாக நினைத்துவிட்டேன் என்று தன் கையாலேயே தமிழில் எழுதி, முத்திரை வைத்து அவளிடம் கொடுத்தார். "நானே போகணும். அவரு மூஞ்சப் பாக்க இன்னிக்கு எனக்குத் தெம்பு இல்ல. நாளைக்குப் போறேன். நீ முன்னாடி போ."

ஆணியில் தொங்கிய சாப்பாட்டுப் பையையும் அவள் எடுத்துக்கொண்டாள். நேற்றைய சோறு புளித்துப்போயிருந்தது. தூக்குச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து, பைக்குள் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினாள்.

அடி அண்ணாமலையில் காசியின் வீட்டுக் கதவு பகலிலேயே மூடியிருந்தது. தட்டியதும் அவர் மனைவி சரசு திறந்தாள். அழுது வீங்கிய முகம்.

"அண்ணி, நான் எழிலு. ஆபீசுல..."

"தெரியும், வா." சரசு விலகி நின்றாள்.

காசி உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் திருநீறு இல்லை. எழிலரசி தாளை அவர் முன்னால் வைத்துவிட்டு, நடந்ததை எல்லாம் சொன்னாள். சனிக்கிழமையின் ஒரு சதத்தைச் சொன்னபோது மட்டும் அவர் நிமிர்ந்தார்.

"அப்ப எவனோ வேணும்னே வெச்சிருந்தான்."

"ஆமாண்ணா. நானூறு பேருக்கு வெச்சிருக்கான்."

"நான் கண்ணு மங்கிப் போச்சுன்னு நெனச்சேன்." அவர் தாளைப் படித்தார். மடித்தார். "உன் வேல?"

அவள் கையை விரித்தாள். அவர் புரிந்துகொண்டார்.

"ஒரு வேல போவட்டும், ஒண்ணாவது மிஞ்சட்டும்னுதான்மா அப்டிச் சொன்னேன். எனக்கு வெண்டக்கா தோட்டம் அரை காணி இருக்குது. உனக்கு இன்னா இருக்குது? இப்ப ரெண்டும் போச்சே. ஏம்மா சொன்ன?"

"நீங்க திருடன்னு பேரு வாங்கிக்கினு, நான் அந்தச் சம்பளத்துல சோறு திங்கறதாண்ணா?"

"பேரு எனக்கு இன்னா புதுசா? மண்டியிலயே வாங்கினதுதான?"

அதுவரை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற சரசு திரும்பினாள்.

"நீ வாங்கின. சொமந்தது யாரு? தண்ணி புடிக்கப் போனா நானு, ரேஷனுக்குப் போனா நானு. நேத்து அந்தாளு வாசல்ல நின்னு கத்தறாரு, நீ கல்லு மாதிரி நிக்கற. எங்கிட்டயாவது எடுக்கலன்னு சொன்னியா? ராத்திரி பூரா கேட்டேன். 'கேக்காத சரசு'ன்னு செவுத்தப் பாத்துப் படுத்துக்கின. நானும் ஒரு நிமிசம்..." அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "நானும் ஒரு நிமிசம் நம்பிட்டேன்யா."

காசி மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழிலரசியால் தாங்க முடியவில்லை. தான் சொல்லாமல் தள்ளிப்போட்ட ஒரு நாள் எங்கே வந்து விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு முழுதாகத் தெரிந்தது. இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவள் ஒரு நிமிடம் நம்பிவிட்டாள். அதை எந்தப் புகார் எண்ணில் சொல்லி நிறுத்தி வைப்பது?

"அண்ணி, என்னைய மன்னிச்சிடுங்க. நேத்தே சொல்லியிருந்தா இது நடந்திருக்காது."

சரசு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். எழிலரசி குடிக்கும்வரை காத்திருந்தாள்.

"என்னோட வா. இத தெருவுல சொல்லு" என்றாள்.

"சரசு, வாணாம்" என்றார் காசி.

"நீ சும்மா கெட. இந்த வாட்டி நாலு பேர் முன்னாடி சொல்லாம உட மாட்டேன்."

முதல் வீடு சந்திரம்மாளுடையது. காசிக்குப் பங்காளி முறை. சந்திரம்மாள் கோழிக்குத் தவிடு பிசைந்தபடியே கேட்டாள். எழிலரசி முகவரியைப் பற்றிச் சொன்னாள், ஒரு சதத்தைப் பற்றிச் சொன்னாள், தாளைக் காட்டினாள்.

"அதெல்லாம் செரி. பணம் இப்ப எங்க?"

"தெரியலம்மா. யாரோ வெளியூர்க்காரங்க எடுத்துட்டாங்க."

"ஆளு தெரியாது, பணம் தெரியாது. இவரு எடுக்கலன்றது மட்டும் தெரியுமா?" சந்திரம்மாள் கையை உதறிவிட்டு எழுந்தாள். "வேலய உட்டுத் தூக்கிட்டாங்கல்ல?"

"என்னையும்தாம்மா தூக்கிட்டாங்க."

"பாரு, ரெண்டு பேரையுமா!" என்றாள் சந்திரம்மாள்.

அடுத்த வீட்டில் கதவு திறக்கவில்லை. உள்ளே டிவி ஓடும் சத்தம் கேட்டது. அதற்கடுத்து, முனையில் பூக்கட்டிக்கொண்டிருந்த ராஜம்மாள். பௌர்ணமி முடிந்து மிஞ்சிய சாமந்தி ஒரு கூடை பக்கத்தில் வாடிக் கிடந்தது. எழிலரசி மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இந்த முறை அவள் குரல் இரண்டு இடத்தில் நின்றது. எக்ஸ்சேஞ்ச் என்றால் என்ன என்று சொல்லப் போய்த் தடுமாறினாள். ராஜம்மாள் கை நாரை முடிந்துகொண்டே இருந்தது.

"எனக்கு ஒண்ணும் புரியலடிம்மா" என்றாள் கடைசியில். "நீ எந்த ஊரு?"

"கீழ்பென்னாத்தூரு."

"அங்கேர்ந்து இத சொல்றதுக்கா வந்த?"

"ஆமாம்மா. நானும் தப்பு பண்ணேன். அவரு என்னைய காப்பாத்தறதுக்கு பழிய ஏத்துக்கினாரு."

ராஜம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சரசுவையும் பார்த்தாள். "உன் தப்ப நீயே வூடு வூடா வந்து சொல்ற. அப்ப நெசமாத்தான் இருக்கும். நான் நம்பறேன் போ. சரசு, நாளைக்குத் தண்ணிக்கு வரும்போது என்னயும் கூப்புடு, சேந்து போவலாம்."

சரசு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. ராஜம்மாள் கட்டி முடித்த பூவில் ஒரு முழம் கிள்ளி எழிலரசியின் கையில் வைத்தாள். காசு வேண்டாம் என்று தலையாட்டினாள்.

தெருவைத் திரும்பிப் பார்த்தாள் எழிலரசி. காசி வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தார். தூரத்திலிருந்து முகம் தெரியவில்லை. கூப்பிடவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

"இன்னும் ஒம்பது வூடு இருக்குது" என்றாள் சரசு. "உனக்கு பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

"பரவால்ல அண்ணி. கடைசி பஸ்ஸு இருக்குது."

மலைக்குப் பின்னால் வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. இரண்டு பேரும் அடுத்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். எழிலரசி தாளைப் பிரித்துக்கொண்டாள்.